தூணோரத் திறப்புகள்: ஃபிளாட் ஸ்லாப் வடிவமைப்போருக்கும் சரிபார்ப்போருக்கும் ஒரு திறந்த மடல்

திண்டுக்கல், பழனி வட்டாரத்தில் ஃபிளாட் ஸ்லாப் வடிவமைக்கும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்களுக்கும், அந்த டிராயிங்குகளை ரிவ்யூ செய்யும் சக இன்ஜினியர்களுக்கும்,

உங்கள் மேசைகளுக்கு இடையே போய்வரும் ஒரு வரியைப் பற்றித்தான் இந்த மடல். "தூணருகே திறப்பு உள்ளது, பன்ச்சிங் ஷியர் பார்க்கவும்" என்று ரிவ்யூக் குறிப்பு போகிறது. "பார்க்கப்பட்டது, போதுமானது" என்று பதில் வருகிறது. குறிப்பு முடிந்ததாக டிக் அடிக்கப்படுகிறது, டிராயிங் சைட்டுக்குப் போகிறது. கேட்டவர் எந்தத் தூண் என்று சொல்லவில்லை, பதில் எழுதியவர் எந்தத் திறப்பைக் கணக்கில் எடுத்தார் என்று சொல்லவில்லை. பீம் வைத்த கட்டடமாக இருந்தால் இந்த அலட்சியத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். பாரம் பீமில் இறங்கி, பீம் வழியாகத் தூணுக்குப் போய்விடும். பீமே இல்லாத ஸ்லாப்பில் மொத்தப் பாரமும் தூணைச் சுற்றியுள்ள ஒரு குறுகிய கான்கிரீட் வளையத்தின் வழியாக மட்டுமே இறங்கியாக வேண்டும். அந்த வளையத்தில் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. இதற்கு "போதுமானது" என்ற சொல் பதிலாகாது, ஓர் எண்தான் பதிலாக முடியும். உங்கள் இரு தரப்பிடமும் எனக்குள்ள மனத்தாங்கல் இவ்வளவுதான். அந்த எண்ணை ஏன் எழுத வேண்டும், எப்படி எழுத வேண்டும் என்பதை ஒரு கணக்கின் வழியாகவே சொல்கிறேன்.

விதி உங்களுக்குத் தெரிந்ததுதான். ஐ.எஸ். 456:2000-இன் 31.6 பிரிவு, தூணின் முகத்திலிருந்து செயல்படு ஆழத்தில் பாதி தூரம் தள்ளி ஒரு சுற்றளவு வரையச் சொல்கிறது. அந்தச் சுற்றளவையும் செயல்படு ஆழத்தையும் பெருக்கினால் வரும் பரப்புதான் பாரத்தைத் தாங்கும் பரப்பு. 31.6.1.2 இன்னும் ஒரு படி மேலே போகிறது. திறப்பு, தூணிலிருந்து ஸ்லாப் தடிமனைப்போல் பத்து மடங்குக்குள் இருந்தாலோ, தூண் பட்டைக்குள் இருந்தாலோ, தூணின் மையத்திலிருந்து திறப்பின் இரு ஓரங்களைத் தொட்டு இரண்டு கோடுகள் இழுக்க வேண்டும். அந்தக் கோடுகளுக்கு நடுவே அகப்படும் சுற்றளவை இல்லாததாகக் கொள்ள வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: விதி திறப்பின் பரப்பளவைக் கேட்கவே இல்லை. தூணின் மையத்திலிருந்து பார்த்தால் திறப்பு எவ்வளவு கோணத்தை அடைத்துக்கொள்கிறது என்பதை மட்டுமே கேட்கிறது. நம் பழக்கமோ நேர் எதிரானது. பெரிய டக்ட் என்றால் கவலைப்படுகிறோம், சின்ன பைப் ஓட்டை என்றால் விட்டுவிடுகிறோம். என் வாதம் முழுவதும் இந்த முரணிலிருந்துதான் தொடங்குகிறது.

கீரனூர் போன்ற ஊரில், தரைத்தளத்தில் வண்டி நிறுத்தமும் மேலே கடைகளுமாக ஒரு கட்டடம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தூண்கள் இரு திசையிலும் 6 மீட்டருக்கு ஒன்று. தூண் 400 மி.மீ. சதுரம், ஸ்லாப் 250 மி.மீ., கான்கிரீட் எம் 25. கவரும் கம்பியின் விட்டமும் கழித்தால் செயல்படு ஆழம் 215 மி.மீ. என்று கொள்ளலாம். ஸ்லாப்பின் சொந்த எடை சதுர மீட்டருக்கு 6.25 கிலோநியூட்டன், தளப்பூச்சும் ஓடும் 1.5, கடைக்கான பயன்பாட்டுப் பாரம் 4. எல்லாவற்றையும் கூட்டி 1.5-ஆல் பெருக்கினால் 17.6 வரும். ஒரு நடுத்தூணுக்கு 36 சதுர மீட்டர் பங்கு. சுற்றளவுக்குள் விழும் சிறு பாரத்தைக் கழித்தபின் பன்ச்சிங் விசை 628 கிலோநியூட்டன், ஏறத்தாழ 64 டன். சுற்றளவு 615 மி.மீ. பக்கமுள்ள சதுரம், ஆக 2460 மி.மீ. தகைவு சதுர மில்லிமீட்டருக்கு 1.19 நியூட்டன். சதுரத் தூணுக்கு அனுமதி, கான்கிரீட் பலத்தின் வர்க்கமூலத்தில் கால் பங்கு. எம் 25-க்கு அது 1.25. அதாவது 95 சதவீதம் பயன்பட்டுவிட்டது, ஆனாலும் பாஸ். பக்கத்துப் பக்கத்து விரிகளில் பாரம் சமமாக இல்லாதபோது தூணுக்குள் கடத்தப்படும் திருப்புமையை இங்கே விட்டுவிட்டேன். அதைச் சேர்த்தால் நிலைமை இன்னும் இறுகுமே தவிர இளகாது.

இனித் திறப்புக்கு வருவோம். கழிவறைக் குழாய்களுக்காக, தூண் முகத்திலிருந்து 200 மி.மீ. தள்ளி, தூணின் அச்சிலேயே 300-க்கு 375 மி.மீ. அளவில் ஒரு டக்ட். 300 மி.மீ. பக்கம் தூணைப் பார்த்து நிற்கிறது. இந்த அளவைத் தற்செயலாக எடுக்கவில்லை. இரண்டு தூண் பட்டைகள் குறுக்கிடும் இடத்தில் எந்தப் பட்டையின் அகலத்திலும் எட்டில் ஒரு பங்குக்கு மேல் திறப்பு வெட்டக்கூடாது என்கிறது 31.8. இங்கே பட்டை 3 மீட்டர், அதில் எட்டில் ஒரு பங்கு சரியாக 375 மி.மீ. ஆகவே இந்த டக்ட் 31.8-இன் அளவு வரம்புக்குள் அடங்கிவிட்டது. வெட்டுப்பட்ட கம்பிக்கு ஈடாகச் சுற்றிலும் கம்பி போட்டுவிட்டால் அந்த வரி திருப்தி. பலருடைய சோதனை இங்கேயே நின்றுவிடுகிறது. ஆனால் அதே 31.8, கூடவே 31.6-இன் ஷியர் தேவையும் நிறைவேற வேண்டும் என்கிறது. மையத்திலிருந்து கோடு இழுங்கள். டக்ட்டின் அருகு விளிம்பு மையத்திலிருந்து 400 மி.மீ. தூரத்தில், இருபுறமும் 150 மி.மீ. விரிந்து நிற்கிறது. 307.5 மி.மீ. தூரத்திலுள்ள சுற்றளவில் அந்தக் கோடுகள் 231 மி.மீ. நீளத்தை வெட்டுகின்றன. மிச்சம் 2229. தகைவு 1.31 ஆகிறது, அனுமதியைத் தாண்டிவிட்டது. அளவு வரம்பில் தேறிய திறப்பு ஷியரில் தோற்றுவிட்டது, அதுவும் திருப்புமையைச் சேர்க்காமலே.

இதே டக்ட்டை 90 பாகை திருப்பி, 375 மி.மீ. பக்கம் தூணைப் பார்க்கும்படி வைத்தால் இழப்பு 231-லிருந்து 288 ஆகிறது. அதே ஓட்டை, அதே தூரம். சென்ட்ரிங் வேலைக்காரர் பெட்டியை எந்தப் பக்கம் திருப்பி வைக்கிறார் என்பதில் இந்த வித்தியாசம் அடங்கியிருக்கிறது. "தூண் முகத்துக்கு நேராக வேண்டாம், மூலைப்பக்கம் தள்ளிவிடுவோம்" என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. 300 மி.மீ. சதுர ஓட்டையை இரு திசையிலும் 200 மி.மீ. விட்டு மூலைவாட்டத்தில் வையுங்கள். தூணுக்கும் ஓட்டைக்கும் இடைவெளி கூடிவிட்டது, ஓட்டையும் சிறிதாகிவிட்டது. இழப்போ 264 மி.மீ., தூண் முகத்துக்கு நேராக 300 மி.மீ. பக்கம் நின்றபோது வந்த 231-ஐவிட அதிகம். மூலைவாட்டத்தில் பார்க்கையில் சதுரம் தன் அகலமான வாட்டத்தைக் காட்டுகிறது, சுற்றளவின் இரண்டு பக்கங்களையும் கொஞ்சம் கொஞ்சம் தின்கிறது. கண்ணளவில் இதைச் சொல்லிவிட முடியாது.

பைப் ஓட்டை விஷயம் இதைவிட மோசம். 110 மி.மீ. பி.வி.சி. பைப்புக்கு 150 மி.மீ. ஓட்டை விடுகிறார்கள். பைப் தூணை ஒட்டி மறைந்து நின்றால் பார்வைக்கு நன்றாயிருக்கும் என்று, தூண் முகத்திலிருந்து 25 மி.மீ. விட்டு அந்த ஓட்டை வருகிறது. ஒன்று 160 மி.மீ. சுற்றளவைத் தின்னும். தூணின் எதிரெதிர் பக்கங்களில் இரண்டு வந்தால் 320 மி.மீ. போயிற்று. தகைவு 1.37-ஐ நெருங்குகிறது. இரண்டு ஓட்டைகளின் பரப்பைக் கூட்டினாலும் டக்ட்டின் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு தேறாது. ஆனால் சுற்றளவு இழப்பு டக்ட்டைவிடக் கூடுதல். டக்ட் உங்கள் டிராயிங்கில் இருந்திருக்கும். இந்த ஓட்டைகள் பெரும்பாலும் இருந்திருக்காது. பிளம்பிங் டிராயிங்கில் இருக்கும், அல்லது பிளம்பரின் தலையில் மட்டும் இருக்கும், அல்லது கான்கிரீட் போட்டு ஆறு மாதம் கழித்து கோர் கட்டிங் மெஷினோடு வரும். மெஷின் கான்கிரீட்டை மட்டுமா அறுக்கிறது, தூண் மேல் போகும் மேல்கம்பியையும் சேர்த்தே அறுத்துக்கொண்டு போகிறது.

கோடு இழுத்துச் சுற்றளவைக் கழிப்பவர்கள்கூடப் பெரும்பாலும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் சுற்றளவு போனால், மிச்சமுள்ள சுற்றளவின் மையம் எதிர்ப்பக்கம் நகர்ந்துவிடுகிறது. நம் டக்ட்டுக்கு அந்த நகர்வு 32 மி.மீ. தூண் தரும் எதிர்விசையோ பழைய இடத்திலேயே நிற்கிறது. 628 கிலோநியூட்டன் 32 மி.மீ. விலகி நின்றால் 20 கிலோநியூட்டன்-மீட்டர் திருப்புமை பிறக்கிறது. சதுரத் தூணில் அதன் 40 சதவீதம் ஷியர் வழியாகப் போகும். அதனால் திறப்பு உள்ள பக்கத்தில், ஏற்கெனவே பலம் குறைந்த அந்தப் பக்கத்திலேயே, 0.09 கூடுகிறது. மொத்தம் 1.40. கான்கிரீட்டை எம் 30 ஆக்கினாலும் அனுமதி 1.37 தான், அப்போதும் தேறாது. ஸ்லாப்பை 275 மி.மீ. ஆக்கினால் சொந்த எடையும் ஏறுகிறது, தகைவு 1.27-இல் வந்து நிற்கிறது. கட்டடம் முழுக்க 25 மி.மீ. கூடுதல் கான்கிரீட் போட்ட பிறகும் எம் 25-இல் மயிரிழையில் தோல்வி. ஒரு டக்ட்டின் இடத்தைப் பற்றி உரிய நேரத்தில் பேசாததற்கு இவ்வளவு விலையா?

"மீறியது கொஞ்சம்தானே, ஸ்டிரப் போட்டுச் சமாளிக்கலாம்" என்பீர்கள். அனுமதியைப்போல் ஒன்றரை மடங்கு வரை, அதாவது இங்கே 1.875 வரை, ஷியர் கம்பி போட ஐ.எஸ். 456 இடம் தருகிறது. அது உண்மைதான். ஆனால் 31.6.3.2-ஐ நிதானமாகப் படியுங்கள். ஷியர் கம்பி வைத்த நிமிடமே, கான்கிரீட் தாங்கும் தகைவைப் பாதியாகத்தான் எடுக்க வேண்டும். 1.25 அல்ல, 0.625. நீங்கள் கம்பியிடம் கொடுக்க நினைத்தது 1.40-க்கும் 1.25-க்கும் உள்ள வித்தியாசம், சுமார் 72 கிலோநியூட்டன். விதி கம்பியிடம் கொடுக்கச் சொல்வது 1.40-க்கும் 0.625-க்கும் உள்ள வித்தியாசம், சுமார் 371 கிலோநியூட்டன். ஐந்து மடங்கு. அதோடு தகைவு பாதி அனுமதிக்குக் கீழே இறங்கும் தூரம் வரை அடுத்தடுத்த சுற்றளவுகளிலும் கம்பியைக் கொண்டுபோக வேண்டும். 250 மி.மீ. ஸ்லாப்புக்குள், மேல்கம்பியும் கீழ்க்கம்பியும் தூண் கம்பியும் நெருக்கியடிக்கும் இடத்தில், நடுவே ஒரு டக்ட் பெட்டியும் இருக்கும்போது, இதைச் சரியாகக் கட்ட முடியுமா என்பதை சைட்டில் கம்பி கட்டுகிறவரிடம் கேட்டுப் பாருங்கள்.

இதைவிட அடிக்கடி வரும் பதில், "திறப்பைச் சுற்றி எக்ஸ்ட்ரா கம்பி கொடுத்திருக்கிறோம்" என்பது. கொடுத்தது சரி. அந்தக் கம்பி வளைவுக்கானது. திறப்பால் அறுபட்ட கம்பியின் வேலையை அது பக்கத்தில் நின்று செய்கிறது. பன்ச்சிங்கில் தோற்பது கான்கிரீட். தூணைச் சுற்றிச் சாய்வான ஒரு கூம்பு பிளந்து ஸ்லாப் கீழே சரிகிறது. அந்தக் கூம்பின் பரப்பில் டக்ட் தின்ற பங்கைத் திறப்பின் ஓரக் கம்பி திரும்பத் தராது. ஆகவே ரிவ்யூக் குறிப்புக்கு இது பதிலே அல்ல, வேறொரு கேள்விக்கான பதில்.

சாஃப்ட்வேரைக் காட்டுபவர்களுக்கும் ஒரு சொல். மென்பொருள் தனக்குக் காட்டப்பட்ட திறப்பை மட்டுமே அறியும். லிஃப்ட் குழியும் படிக்கட்டு வெட்டும் மாடலில் இருக்கும், ஏனென்றால் அவை ஆர்க்கிடெக்ட் டிராயிங்கிலேயே இருக்கின்றன. 150 மி.மீ. பைப் ஓட்டைகளை மாடலில் போட்டவர்களை விரல்விட்டு எண்ணலாம். தூண் மேல் பச்சை நிறத்தில் 0.95 என்று வந்தால், அது ஓட்டையே இல்லாத ஸ்லாப்பின் 0.95. நம் கணக்கில் ஓட்டை வந்தபின் அதே தூண் 1.12. அச்சடித்த ரிப்போர்ட்டில் இந்த இரண்டுக்கும் நடுவே எந்த எச்சரிக்கையும் தோன்றாது. ரிவ்யூ செய்பவர் ரிப்போர்ட்டைப் பார்க்கும்போது முதலில் கேட்க வேண்டியது விகிதத்தை அல்ல, இந்த மாடலில் எந்தெந்தத் திறப்புகள் இருக்கின்றன என்பதை.

"1.5 என்று பாதுகாப்புக் குணகம் இருக்கிறதே, பத்துப் பன்னிரண்டு சதவீதத்துக்கு என்ன ஆகிவிடும்?" என்று வெளிப்படையாகக் கேட்காவிட்டாலும் மனத்தில் வைத்திருப்பவர்கள் உண்டு. அந்தக் குணகம் தெரியாதவற்றுக்காக வைத்தது: பாரம் எதிர்பார்த்ததைவிடக் கூடலாம், கான்கிரீட் பலம் குறையலாம், மேல்கம்பியை மிதித்து மிதித்து அது 20 மி.மீ. கீழே இறங்கி செயல்படு ஆழம் குறையலாம். கடைசியாகச் சொன்னது நம் சைட்களில் அரிதல்ல என்பது உங்களுக்கே தெரியும். ஓட்டை தெரியாத ஒன்றல்ல, அளவும் இடமும் தெரிந்த உறுதியான இழப்பு. தெரிந்த இழப்பைத் தெரியாதவற்றுக்கான கையிருப்பில் கழித்தால், தெரியாதது வந்து கதவைத் தட்டும்போது கையில் ஒன்றும் இருக்காது. அதிலும் இந்தத் தோல்வி வளைவுத் தோல்வி போன்றதல்ல. வளைவில் கம்பி நீளும், விரிசல் தெரியும், ஸ்லாப் தொய்யும், ஆட்கள் வெளியேற நேரம் கிடைக்கும். ஷியர் கம்பி இல்லாத பன்ச்சிங் திடீரென்று உடையும். ஒரு தூண் விட்டால் அதன் பாரம் அடுத்த தூண்களுக்குப் பாயும். 1997 மார்ச்சில் இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டனில், பைப்பர்ஸ் ரோ என்ற பல மாடி வண்டி நிறுத்தத்தின் மேல்தளம் அப்படித்தான் விழுந்தது. ஒரு தூணில் தொடங்கிய பன்ச்சிங் அண்டைத் தூண்களுக்குப் பரவியது. பின்னிரவு நேரம் என்பதால் உயிர் போகவில்லை.

சியோலில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1995 ஜூன் 29 அன்று சம்பூங் என்ற பேரங்காடி இடிந்து 502 பேர் இறந்தார்கள். அதுவும் பீம் இல்லாத ஃபிளாட் ஸ்லாப் கட்டடம். காரணங்கள் பல: திட்டத்தில் இல்லாமல் ஏற்றிய ஐந்தாம் தளம், மொட்டைமாடியில் வைத்த குளிரூட்டி இயந்திரங்களின் எடை, அந்த எடை அங்கே இழுத்து நகர்த்தப்பட்டது. இவற்றோடு, மேல்தளங்களில் 80 செ.மீ. இருக்க வேண்டிய தூண்கள் 60 செ.மீ. ஆகக் கட்டப்பட்டிருந்தன, எஸ்கலேட்டர் திறப்புகளை ஒட்டிய தூண்கள் செதுக்கப்பட்டிருந்தன. நம் கணக்கின் கண்ணாடி வழியாகப் பாருங்கள். தூண் சிறுத்தாலும், பக்கத்தில் திறப்பு வந்தாலும், நடப்பது ஒன்றுதான்: சுற்றளவு குறைகிறது. அங்கே இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தன. தூண்களைச் சுற்றி விரிசல்கள் தெரிந்தன, தெரிந்த பிறகும் கடை திறந்தே இருந்தது. நம் ஊர்க் கடைக்கட்டடத்தை அதோடு ஒப்பிட்டுப் பயமுறுத்த நான் வரவில்லை, பாரமும் அளவும் வேறு. பன்ச்சிங்கின் கணக்கு மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றே.

நியாயமான ஓர் எதிர்வாதத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பத்து மடங்கு தூரம் என்ற வரம்பு அளவுக்கு மீறியது, அமெரிக்கர்கள் 2019-இல் தங்கள் ஏ.சி.ஐ. 318 விதியில் அதை நான்கு மடங்காகக் குறைத்துவிட்டார்கள், ஐரோப்பிய விதி செயல்படு ஆழத்தைப்போல் ஆறு மடங்கோடு நிறுத்திக்கொள்கிறது என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். உண்மை. நம் 250 மி.மீ. ஸ்லாப்பில் பத்து மடங்கு என்றால் 2.5 மீட்டர், 6 மீட்டர் விரியில் கிட்டத்தட்ட எல்லாத் திறப்பும் அதற்குள் வந்துவிடும். ஆனால் தூரத்துத் திறப்புக்கு விதி கேட்கும் விலை மிகக் குறைவு. அதே டக்ட்டின் அருகு விளிம்பைத் தூண் மையத்திலிருந்து 2 மீட்டருக்குத் தள்ளுங்கள். இழப்பு 46 மி.மீ., மைய நகர்வையும் சேர்த்து தகைவு 1.22, பாஸ். பத்தா, நான்கா என்ற விவாதம் இரண்டு மூன்று சதவீதத்தைப் பற்றியது. நம் டிராயிங்குகளின் சிக்கல் தூணிலிருந்து ஒரு முழத்துக்குள் இருக்கிறது. அந்த ஒரு முழத்துக்கு இந்த மூன்று விதிகளில் எதுவும் விலக்கு தரவில்லை. நம்மைக் கட்டுப்படுத்துவது ஐ.எஸ். 456 என்பதால் பத்து மடங்குக்கே கோடு இழுங்கள், ஐந்து நிமிட வேலை.

ஆர்க்கிடெக்ட் டக்ட்டை நகர்த்த மாட்டார், கழிவறை அங்கேதான் இருக்கிறது என்ற பதில்தான் கடைசிப் புகல். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். அப்போதும் வழி இருக்கிறது, வரைபட நிலையில் கேட்டால் மட்டும். அந்தத் தூணை மட்டும் 500 மி.மீ. சதுரமாக்கினால், அதே டக்ட் முகத்திலிருந்து அதே 200 மி.மீ. தூரத்தில் இருந்தாலும் தகைவு 1.18-க்கு இறங்கிவிடுகிறது. வண்டி நிறுத்தத்தில் 100 மி.மீ. போவது பெரிய இழப்பல்ல. தூணைச் சுற்றி மட்டும் டிராப் பேனல் வைத்துத் தடிமனைக் கூட்டலாம், அதன் விளிம்புக்கு வெளியேயும் ஒரு முறை சோதித்துவிட்டு. தூண்தலை வைத்தால் திறப்பு அதற்குள் நுழையக்கூடாது என்று 31.6.1.2 தெளிவாகத் தடுக்கிறது, அதை மறக்க வேண்டாம். ஸ்லாப் போட்ட பின்பு இவற்றில் ஒன்றைக்கூடச் சுலபமாகச் செய்ய முடியாது. ஓரத் தூண்களுக்கு இந்த அவசரம் இன்னும் அதிகம். அங்கே சுற்றளவுக்கு மூன்று பக்கம்தான், நம் அளவில் 1630 மி.மீ. அதே 231 மி.மீ. இழப்பு அங்கே 14 சதவீதம். அதோடு ஓரத் தூணில் திருப்புமையை விட்டுவிட்டுக் கணக்குப் போடவே முடியாது. கழிவறை டக்ட்டுகளும் பைப்புகளும் வெளிச்சுவரை ஒட்டித்தான் வருகின்றன என்பதை உங்கள் டிராயிங்குகளில் நீங்களே பார்க்கலாம்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இது. வடிவமைப்பவர்களே, ஸ்லாப் கம்பி டிராயிங்கோடு தூணுக்குத் தூண் ஒரு சின்னப் படம் சேருங்கள். அதில் சுற்றளவு இருக்கட்டும், அருகிலுள்ள ஒவ்வொரு திறப்புக்கும் மையத்திலிருந்து இரண்டு கோடு இருக்கட்டும், கீழே மூன்று எண் இருக்கட்டும்: மிச்சமுள்ள சுற்றளவு, மைய நகர்வோடு சேர்ந்த தகைவு, அனுமதி. திறப்பே இல்லாத தூணுக்கு "திறப்பு இல்லை, இனியும் கூடாது" என்று எழுதி, எவ்வளவு தூரத்துக்குள் கூடாது என்பதை மில்லிமீட்டரில் கொடுங்கள். பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் கோர் கட்டிங்காரரும் பார்க்கப்போவது உங்கள் கணக்குப் புத்தகத்தை அல்ல, அந்தப் படத்தை. ரிவ்யூ செய்பவர்களே, "பன்ச்சிங் பார்க்கவும்" என்று இனி எழுதாதீர்கள். தூண் எண், திறப்பின் அளவு, தூண் முகத்திலிருந்து தூரம், நீங்களே இழுத்துப் பார்த்த கோட்டின்படி இழப்பு எவ்வளவு என்று எழுதி, எண்ணோடு பதில் கேளுங்கள். பதிலில் எண் இல்லாவிட்டால் குறிப்பை மூடாதீர்கள். சென்ட்ரிங் அடிப்பதற்கு முன் பிளம்பிங், எலக்ட்ரிக்கல் டிராயிங்குகளை ஸ்லாப் டிராயிங்கின் மேல் வைத்துப் பார்த்து, இரு தரப்பும் அதே தாளில் கையெழுத்துப் போடுங்கள். அந்தத் தாளுக்குப் பிறகு வரும் எந்த ஓட்டையும், 50 மி.மீ. ஆனாலும், வடிவமைத்தவரின் எழுத்து அனுமதியோடு மட்டுமே வரட்டும். இப்போது சைட்டில் ஸ்லாப் போடக் காத்திருக்கும் டிராயிங்குகளிலிருந்தே இதைத் தொடங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கீரனூரிலிருந்து,
உங்களைப் போலவே கையெழுத்திடும் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்